சின்னு எங்கள் ஊர்க்காரி இல்லை

திருப்பூரில் திட்டுகூட மரியாதையாகத்தான் வரும். "ஏனுங்க, ரோட்டப் பாத்து நடக்க மாட்டீங்களா?" என்று பைக்கில் வந்தவர் கத்தியபோது, திட்டுகிறார் என்பதே எனக்கு நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் பாசமே அதட்டலாக வரும். அந்த 'ங்க' ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து கேட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீரபாண்டி லைன் வீட்டில் நான், அக்கா செல்வி, அவள் நாலு வயது மகள் யாழினி. அக்காவும் நானும் பனியன் கம்பெனி வேலைக்குப் போனதும் பிள்ளையை ஹவுஸ் ஓனரம்மா பார்த்துக்கொள்வார். அன்று யாழினி சுவர் மூலையில் வெட்டுத்துணியை விரித்து, எதிரே யாருமில்லாத இடத்தில் ஒரு தட்டு வைத்திருந்தாள். "சோறு உண்டீங்களா, சின்னு?" அப்புறம் மௌனம். ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ, சரியாக அவ்வளவு நேரம். பிறகு தாழ்ந்த, வேறொரு குரல்: "இன்னும் இல்லீங்க."

"நம்ம வீட்ல யாராச்சும் இப்படிப் பேசுவோமா, ஏட்டி?" அக்கா என்னை இழுத்தாள். "இது இந்த ஊர்ல செத்த ஏதோ ஒண்ணு. சனிக்கிழமை ஊருக்கு பஸ் டிக்கெட் போடுதேன். பேயோட்டுத கோடாங்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையைக் கோடாங்கி வேப்பங்குழையால் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு அவள் தனியாகப் பேசவில்லை. யாரோடும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் நிறையப் பிள்ளைகள் இப்படி ஒரு துணையை உருவாக்கிக்கொள்கிறார்களாம். மூத்த பிள்ளைகளும் ஒற்றைப் பிள்ளைகளும் கொஞ்சம் அதிகமாக. நோய் இல்லை. கேள்வியும் பதிலும் தாமே சொல்லி, இன்னொருவர் மனது எப்படி ஓடும் என்று பழகிப் பார்க்கிறார்கள். தங்கள் பயத்தை அதன் தலையில் ஏற்றிவிட்டு, தாங்கள் தைரியசாலியாகிறார்கள். கேட்கும் பேச்சை எடுத்துத்தான் குரல் செய்கிறார்கள். யாழினி நாள் முழுக்கக் கேட்பது ஓனரம்மாவின் பேச்சு!

வெள்ளிக்கிழமை அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்து யாழினியிடம் கேட்டேன். "சின்னு கையில என்ன வச்சிருக்கா?"

"நான் இன்னும் ஒண்ணும் குடுக்கலையே." என்னைப் பாவமாகப் பார்த்தாள். "சித்தி, சின்னு பொய்க்கு. நெசமா இல்ல."

"பின்ன ஏன் பேசுத?" என்றாள் அக்கா.

"அம்மா வேலைக்குப் போனா அவ அழுவா. நான்தான் 'வந்துருவாங்க கண்ணு'ன்னு சொல்லுவேன்."

அக்கா டிக்கெட்டை ரத்து செய்தாள். மறுநாளிலிருந்து கிளம்பும்போது, மூலையைப் பார்த்தும் ஒருமுறை கையசைத்தாள்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது யாழினி பூட்டிய கதவுக்கு டாட்டா காட்டினாள். "சின்னு வரல. அவளுக்கு அங்க யாரையும் தெரியாதுல்லா." ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் நடக்க என்னால் முடியவில்லை.

ஊரில், "பஸ்ல கூட்டமா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "ஆமாங்க," என்றேன், யோசிக்காமல்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்து, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று.