கழற்றாமல் பார்த்த ஹெட்செட்

முந்நூற்று நாற்பது இருக்கைகள், மூன்று மாடிகள், ஒரே ஒரு ஹலோ அக்கா. சலவை இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ பழுதானால் வாடிக்கையாளர்கள் கூப்பிடும் அந்தக் கால் சென்டரில் கணினிக்கும் ஹெட்செட்டுக்கும் அவள்தான் பொறுப்பு. பொழுதெல்லாம் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று சோதிப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மகளைச் சாப்பிடக் கூப்பிடும்போதும் அதே ஹலோதான் வாயில் வரும். "கேக்குது மேடம், குரல் தெளிவா இருக்கு" என்று உள்ளறையிலிருந்து பதில் வரும்.

அவள் "நன்றாக இருக்கிறது" என்று எழுதிக்கொடுத்தால் அங்கே அதற்கு மேல் பேச்சில்லை. அந்த நல்ல பெயர்தான் ஒரு வியாழக்கிழமை நெட்டையின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

நெட்டை வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆள் பனைமரம், இடுப்பு மட்டும் பலவீனம். அவனுடைய டீம் லீடர் மதியம் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, இந்த நெட்டை வேணும்னே மைக்கை அணைச்சிட்டு உக்கார்றான். எதிர்ல இருக்கறவங்க கத்திப் பாத்துட்டு வெச்சிடறாங்க. நீங்களே மூணு தடவை பாத்து ஹெட்செட் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. மூணு மணிக்கு மீட்டிங். இன்னொரு தடவை எழுதிக் குடுத்துட்டா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்."

பதிவு ஒன்றையும் போட்டுக் காட்டினான். ஒரு பெண், "ஹலோ... யாராவது இருக்கீங்களா?" என்று நாலைந்து முறை கேட்டாள். நெட்டையின் பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அவள் இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். வழக்கம்போல ஹெட்செட்டைக் கழற்றித் தன் மேசைக்கு எடுத்துப்போய்ச் சோதிக்கக் கை நீட்டினாள். நெட்டை குறுக்கே கை வைத்தான்.

"கழட்டாதீங்கக்கா. நீங்க கொண்டுபோய்ட்டுத் திரும்ப மாட்டினா சரியாயிடுது. அப்புறம் நான் சொல்றதை எவன் நம்புவான்?"

"நான் என்ன மந்திரமா போடறேன்?"

"எனக்கு அப்படித்தான் தோணுது."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். இருந்த இடத்திலேயே பார்த்தாள். ஒயரில் இருந்த மைக் பொத்தான் அணைக்கப்படவில்லை. பஞ்சு உறையில் அழுக்கு இல்லை. அழைப்பு மென்பொருளுக்கு மைக்கைப் பயன்படுத்தும் அனுமதியும் இருந்தது.

"என் போனுக்கு அடி."

வரிசையின் கோடிக்கு நடந்துபோய் ஹலோ சொன்னாள். அவன் கட்டைவிரலைத் தூக்கினான், அவனுக்குக் கேட்கிறது. பிறகு அவன் உதடு அசைந்தது. அவள் காதில் ஒன்றும் விழவில்லை. திரும்பி வந்தாள். "என்ன சொன்ன?"

"மந்திரவாதின்னு சொன்னேன்."

"நல்லவேளை, கேக்கல."

கணினியில் சும்மா குரலைப் பதிவு செய்து கேட்டாள். அவன் குரல் மணி மாதிரி இருந்தது. அப்படியானால் மைக்கில் பழுதில்லை. அழைப்பு மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தாள். ஒலிபெருக்கி என்ற இடத்தில் ஹெட்செட். மைக் என்ற இடத்தில், திரைக்கு மேலே இருந்த கேமராவின் மைக். கேமரா வந்த நாளிலிருந்தே அதன் மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள்.

"ஹெட்செட் ஒயரை எங்க சொருகியிருக்க?"

"கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்பக்கம். பின்பக்கம் சொருகணும்னா மேசைக்கடியில தவழணும். இடுப்பு பிடிச்ச நாள்ல என்னால ஆகாதுக்கா."

அங்கே ஆளாளுக்குச் சொந்த ஹெட்செட். வீட்டுக்குப் போகும்போது கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டுவார்கள். அதே ஹெட்செட்டை வேறு துளையில் செருகினால் கணினி அதைப் புதிய ஒன்றாக எண்ணிக்கொள்ளும். மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருந்ததோ பின்பக்கத்து மைக். அதைக் காணவில்லை என்றதும் பட்டியலில் அடுத்து இருந்த கேமராவுக்குத் தாவிவிட்டது. ஒலிபெருக்கிக்கு அப்படி எதுவும் குறித்து வைக்காததால் சத்தம் மட்டும் ஒழுங்காக ஹெட்செட்டுக்கு வந்தது. அவள் ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவந்து விதிப்படி பின்பக்கத்தில் மாட்டினாள், கோளாறு போனது, அதன் பிறகு மறுபடி சோதித்து, நன்றாக இருக்கிறது என்று எழுதினாள்.

டீம் லீடரைக் கீழே வரவழைத்தாள். முன்பக்கம் மாட்டிக் காட்டினாள், பின்பக்கம் மாட்டிக் காட்டினாள்.

"நீங்க எழுதினதைத்தானேக்கா நம்பினேன்?"

"அதான் சொல்றேன். மூணும் தப்பு. இனிமே எங்க சொருகினாலும் ஹெட்செட் மைக்கையே எடுக்கற மாதிரி மாத்திட்டேன்."

அவன் நெட்டையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், "சரி" என்றான். நெட்டை அதற்குள் அடுத்த அழைப்பை எடுத்திருந்தான். "சொல்லுங்க மேடம், மெஷின்ல தண்ணி எங்க ஒழுகுது?"

மூன்று மணிக் கூட்டம் நடக்கவில்லை. எல்லா இருக்கைகளிலும் இதே அமைப்புதான்; ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். நாளைக் காலை அவள் மூன்றாம் மாடியின் முதல் இருக்கையிலிருந்து தொடங்குகிறாள்.