வடகிழக்கு மூலைக் கல்

அப்பா இறந்த மறுவருஷம் ஆட்டையாம்பட்டியை விட்டுக் குமாரபாளையத்துக்குப் போய்விடுவது என்று அம்மா தீர்மானித்தாள். அங்கே மாமாவின் தறிக்கூடத்தில் எனக்கு வேலை இருந்தது. ஊர் ஓரத்தில் எங்களுக்கு இருந்த புன்செய்த் துண்டை ஒரு வெல்ல மண்டிக்காரர் கேட்டார். பேச்செல்லாம் முடிந்த பிறகு அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"அளந்து, படம் போட்டுக் குடுத்துருங்க. அதைப் பத்திரத்தோட சேத்துத்தான் ரிஜிஸ்டர் பண்ணோணும். வாங்கின பொறகு பக்கத்துக்காரன்கூடச் சண்டை போட நம்மால ஆகாதுங்க."

பக்கத்துக்காரர் என்றால் என் சொந்தச் சித்தப்பா. தாத்தாவின் நிலத்தை அப்பாவும் அவரும் தெற்கு வடக்காகப் பிரித்துக்கொண்டார்கள். மேற்குப் பாதி எங்களுக்கு, கிழக்குப் பாதி அவருக்கு. சர்க்காரில் உட்பிரிவு செய்து, நடுக்கோட்டின் இரண்டு முனையிலும் கல் நட்டிருந்தார்கள். சித்தப்பா தன் பாதியில் வீடு கட்டிக்கொண்டார். எங்கள் பாதி வெறும் நிலமாகக் கிடந்தது.

அஸ்தம்பட்டியில் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் இருந்தார். அவருக்கு நான்தான் கடிதம் எழுதினேன். சர்வே நம்பர், உட்பிரிவு, நான்கு எல்லை, கிரயம் செய்யப்போகிற விவரம் எல்லாம் எழுதி, எல்லையை அளந்து காட்டி, அளவுகளோடு ஒரு வரைபடமும் போட்டுத் தரும்படி கேட்டிருந்தேன். ஒரு வாரத்தில் கார்டு வந்தது. தாலுகா ஆபீசில் மனுப் போட்டு அந்த நிலத்தின் அளவுப் படத்துக்கு நகல் வாங்கி வைக்கவேண்டும். பக்கத்து நிலக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி, அளக்கிற அன்று அவரையும் இருக்கச் செய்யவேண்டும். பிறகு ஆட்சேபம் வரக்கூடாது என்று எழுதியிருந்தார்.

நகல் வாங்கி வந்ததும் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஏஞ்சாமி, நமக்குள்ள எதுக்கு அளவு? உங்கப்பன் இருந்தா இப்படிக் கேப்பானா?"

"நான் கேக்கலீங்க சித்தப்பா. வாங்கறவர் கேக்கறாரு."

"அளந்துக்க, அளந்துக்க" என்று எழுந்து உள்ளே போனார்.

அடுத்த சில நாட்களில் எங்கள் நிலத்தின் வடகிழக்கு மூலையில், சித்தப்பாவின் கக்கூஸ் சுவர் ஓரமாக, குப்பை ஏறியது. முன்பும் அங்கே சாம்பலும் எச்சில் இலையும் விழும். இப்போது விழுந்தது வேறு. தறியின் பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிப் புளித்த கஞ்சி, சாணி, செத்த கோழி, அதற்கு மேல் மனிதக் கழிவு. அளக்க வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போகட்டும் என்றுதான் கொட்டியிருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு அந்த நாற்றத்தைவிட அவர் அதை யோசித்துச் செய்திருக்கிறார் என்பதுதான் குமட்டியது.

சர்வேயர் அளவுச் சங்கிலியும் அதைப் பிடிக்க இரண்டு ஆட்களுமாக விடியற்காலையில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். மண்டிக்காரரும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். நகலைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயர் முதலில் கற்களைத் தேடினார். தெற்கே ரோட்டோரத்தில் நடுக்கல் இருந்தது. வடக்கு எல்லையில் மேற்குக் கோடியிலும் கிழக்குக் கோடியிலும் கல் இருந்தது. நடுக்கோட்டின் வடக்கு முனைக் கல்லை மட்டும் காணோம்.

"பரவாயில்லை. வடக்கு எல்லையில ரெண்டு கோடியும் இருக்கு. அந்த ரெண்டு கல்லுக்கும் நேர்கோட்டுல சங்கிலி போட்டு, படத்துல உள்ள தூரத்துல நிறுத்தினா இடம் கிடைச்சுடும்" என்றார். ஆனால் அந்தக் கோடு குப்பைமேட்டின் குறுக்கே போனது. மேட்டின் மேல் சங்கிலியைப் போட்டால் அளவு தப்பும், தரை தெரியவேண்டும் என்றார்.

சங்கிலிக்காரர்கள் தொடமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். சித்தப்பா தனக்கு ஒன்றும் தெரியாததுபோல் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, தெருவில் கூடையோடு போய்க்கொண்டிருந்த தோட்டிச்சியைக் கூப்பிட்டார்.

"ஏய், வந்து இதை அள்ளு."

அவள் குப்பையைப் பார்த்தாள். "இது நான் கொட்டுனதில்லீங்க சாமி. உங்க ஊட்டு அழுக்கை நான் ஏரிப்பக்கம்தானுங்க கொண்டுபோறேன்."

"வாயை மூடிட்டு அள்ளு!"

கூலி தருவதாகவும் யாரும் சொல்லவில்லை, மண்வெட்டி தருவதாகவும் சொல்லவில்லை. மண்டிக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அவள் குனிந்து கையால் அள்ள ஆரம்பித்தாள். அங்கே நின்ற அத்தனை ஆண்களையும் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது; நானும் அவர்களில் ஒருவனாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது அம்மா எங்கள் வீட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நீ எந்திரி கண்ணு, இது எங்க நெலம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வெட்டி இழுக்கத் தொடங்கினாள். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். அம்மா கூடையில் வாரிக் கொடுக்க, அந்தப் பெண் சுமந்து போனாள். சித்தப்பா கைகட்டி நின்றார்.

தரை தெரிந்தபிறகு சங்கிலி ஓடியது. மேற்குக் கல்லிலிருந்து அளந்து வந்து, படத்தில் உள்ள தூரம் முடியும் முன்பே சித்தப்பாவின் கக்கூஸ் சுவரில் முட்டியது. சர்வேயர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கிழக்குக் கல்லிலிருந்தும் ஒருமுறை அளக்கச் சொன்னார். அதிலும் புள்ளி சுவரைத் தாண்டி, கக்கூசுக்குள்தான் விழுந்தது.

"கதவைத் திறக்கணும்" என்றார்.

"அது வேண்டாமுங்க, பொம்பளைக பொழங்கற எடம்" என்றார் சித்தப்பா.

அம்மா போய்த் தகரக் கதவை இழுத்தாள்.

உள்ளே காலை வைத்துக் குந்துவதற்கு இரண்டு கற்கள் போட்டிருந்தார்கள். ஒன்று சாதாரணப் பலகைக்கல். மற்றது நீளமாக, படுக்கவைத்த கருங்கல். சர்வேயர் வாசலில் நின்றபடியே குனிந்து பார்த்தார். அதன் தலைப்பக்கத்தில், அழுக்குக்கு அடியில், சர்க்கார் குறி வெட்டியிருந்தது.

மண்டிக்காரர் காறித் துப்பினார்.

"சர்வே கல்லைப் பிடுங்கறது குத்தம், தெரியுமில்ல?" என்றார் சர்வேயர்.

சித்தப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "அண்ணி, கொத்தன் தெரியாம எடுத்துப் போட்டுட்டானுங்க. ஊரு சிரிக்கும். சுவத்தோட எல்லைன்னு படம் போட்டுரச் சொல்லுங்க. துளியூண்டு எடந்தான?"

மண்டிக்காரரும் மெதுவாக, "அவரு சொல்றதும் சரிதானுங்க. விலையைக் கொஞ்சம் கொறைச்சுக்கிட்டு முடிச்சுரலாம்" என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன் துப்பிய வாய் அது.

"கல்லு இருந்த எடத்துலதான் எல்லை. அப்படியே எழுதுங்கய்யா" என்றாள் அம்மா.

சர்வேயர் அப்படியே வரைந்து கொடுத்தார். கறுப்பு மசியில் எல்லைக்கோடு, அதைத் தாண்டி வந்த கக்கூசுக்குச் சிவப்பு மசி. கல்லைத் திரும்ப நடும் அதிகாரம் தனக்கில்லை, தாசில்தாருக்கு மனுக் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். சில வாரங்கள் கழித்துத் தாலுகா சர்வேயர் வந்து, இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து அளந்து, புதுக் கல் நட்டார். சித்தப்பாவுக்கு அபராதம் விழுந்தது. சுவரை இடித்தார், குழியை மூடாமல் விட்டார். மழை பெய்தபோது அது வழிந்து எங்கள் பக்கம் வந்தது. மண் கொட்டி மூடியது நான்தான். அதன் பிறகு பத்திரம் ரிஜிஸ்டர் ஆயிற்று. சர்வேயரின் படத்தில் அம்மா கைநாட்டு வைத்தாள், மண்டிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

குமாரபாளையம் போன மறு வருஷம் சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. எனக்கு அந்தக் காகிதத்தைத் தொடவே பிடிக்கவில்லை. அம்மா பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

"அந்த ஊட்டுல போயி சாப்புடுவியா?" என்று கத்தினேன்.

"அந்தப் புள்ள என்னடா பண்ணுச்சு? போகாம இருந்தா நாமதான் நெலத்தைத் திருடின மாதிரி பேசுவாங்க. நான் போயிட்டு வாரேன்."

போனாள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாகவும், சித்தப்பாவே இலைக்குப் பாயசம் ஊற்றியதாகவும் வந்து சொன்னாள். எந்தக் கையால் என்று கேட்க வாய்வரை வந்தது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.