கண்ணாடி முடிகிற இடம்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வராது. சின்ன வயதிலேயே அப்படித்தான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையோ புகை படிந்த கண்ணாடியில் ஊசியால் எழுத்துக் கீறுவது. யுத்த காலத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் இருந்தேன். மழை விட்டதும் கடத்தூர் சந்தைத் திடலில் கூடாரம் போடுவார்கள். வேற்று மொழிப் படம் வந்தால் கதை புரியாமல் சனம் எழுந்து போய்விடும். அதனால் திரைக்குக் கீழே சின்னத் துணி ஒன்றைக் கட்டி, அதில் தமிழ் வாசகங்களை விளக்குப் பெட்டி வைத்துக் காட்டுவோம்.

கண்ணாடிக்கு அப்போது பெரும் தட்டுப்பாடு. தர்மபுரியில் ஒரு போட்டோக்காரர் கழித்துப்போட்ட பழைய கண்ணாடித் தகடுகளை வாங்கி வந்து, சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, படிந்த படத்தைச் சுரண்டுவேன். பிறகு சிம்னி விளக்கில் காட்டிக் கரி ஏற்றி, ஊசியால் கீறி, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து ஓரங்களில் காகிதம் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு கண்ணாடியில் இரண்டு வரிதான் கொள்ளும். அதற்குமேல் போனால் பின்வரிசைக்குத் தெரியாது.

எந்த வரியை எங்கே முறிப்பது என்பதில்தான் எனக்கும் முதலாளிக்கும் தினமும் தகராறு. அவருக்குக் கண்ணாடி ஓரம் வரை எழுத்து நிறைந்திருக்க வேண்டும். பாதி வரி காலியாக இருந்தால் வயிறு எரிந்துவிடும். அவர் வாசலில் கல்லாவோடு உட்கார்ந்திருப்பவர். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவர் காதுக்கு எட்டாது. கூடாரத்தில் வந்து உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. வரிசைக்கு ஒருவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். கண்ணாடி எங்கே முடிகிறதோ அங்கே படிக்கிறவர் மூச்சு விடுவார். கேட்கிறவர்களுக்கு அதுவரைக்கும்தான் செய்தி. அடுத்த கண்ணாடி வருவதற்குள் சிரித்துவிடுவார்கள், அல்லது திட்டிவிடுவார்கள். நம் மொழியில் ஆமா இல்லையா என்பதே வாக்கியத்தின் கடைசியில்தானே வருகிறது. அதை அடுத்த கண்ணாடிக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அந்த முறை ஓர் ஆங்கில யுத்தப் படம் வந்தது. பெரிய படத்துக்கு முன்னால் காட்டியாக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. தமிழ் வாசகங்களைத் தாளில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதலாளி அதில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடி கண்ணாடியாகப் பிரித்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தைக் காட்டி, "இத ஒரே கண்ணாடில முடிக்கணுங்க" என்றேன்.

"எடம் பத்தாது. வரி ரொம்பிடுச்சு பாரு. மிச்சம் அடுத்ததுல வருது, ஓடியா போயிடும்?" என்றார்.

கடுப்போடு கீறிக் கொடுத்தேன்.

பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்க அந்த ஊர் அக்கா ஒருவர் உண்டு. கூடாரம் கடத்தூர் வரும்போதெல்லாம் அவர்தான். புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனவர். மாதக்கணக்காகக் கடுதாசி இல்லை. யுத்தப் படம் என்றதும் அக்கா டிக்கெட் பையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து, கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது. முன்னால் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண் படிப்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணாடியைத் தள்ளினேன். துணியில் விழுந்தது:

பர்மாவில் உள்ள நம்
படையினர் எல்லோரும் இறந்தனர்

கூடாரம் முழுக்க அதைப் படித்தது. அடுத்ததை உள்ளே தள்ளப் போனால் விளக்குப் பெட்டியில் கண்ணாடியைத் தாங்கும் மரச்சட்டம் அசையவில்லை. ஈரத்தில் மரம் ஊறிப் போயிருந்தது. இழுக்கிறேன், குத்துகிறேன், விரல் சுடுகிறது. அந்த இரண்டு வரியும் துணியில் அப்படியே நிற்கின்றன. யாரோ ஒரு கிழவி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். ஒரு வழியாகச் சட்டம் நகர்ந்து மறு கண்ணாடி விழுந்தது:

என்று எதிரி ரேடியோவில்
சொல்வது முழுப் பொய்

அதை யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். நான் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கம்பத்தடியில் அக்கா இல்லை. டிக்கெட் பை மட்டும் தரையில் கிடந்தது.

விளக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டு, சூடு ஆறாத இரண்டு கண்ணாடிகளையும் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். சந்தைக்குப் பின்னால்தான் அவர் வீடு. எனக்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது. வாசலில் ஏழெட்டுப் பெண்கள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அக்கா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் கிடந்த வளையல்களை முழங்கை வரை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"அக்கா, அது பொய்யிங்க. எதிரி சொல்ற பொய்" என்றேன்.

"எழுதியே போட்டிருந்தாங்களே தம்பி. அத்தன பேரும் படிச்சாங்களே."

"மீதி அடுத்த கண்ணாடில இருந்துச்சுங்க. பெட்டி மாட்டிக்கிச்சு."

மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. "வூட்டுக்கு வந்து சமாதானம் சொல்றான்" என்றாள். நான் சொன்னால் அது வாய் வார்த்தை. துணியில் விழுந்ததுதான் சேதி.

அக்கா யோசித்தார். "அந்தப் புள்ளயக் கூப்புடுங்க" என்றார். பள்ளிக்கூடத்துப் பெண்ணை யாரோ இழுத்து வந்தார்கள். விளக்கின் முன்னால் இரண்டு கண்ணாடிகளையும் ஒட்டிப் பிடித்தேன்.

"நிறுத்தாம ஒரே மூச்சுல படி கண்ணு" என்றார் அக்கா.

அவள் படித்தாள். பர்மாவில் உள்ள நம் படையினர் எல்லோரும் இறந்தனர் என்று எதிரி ரேடியோவில் சொல்வது முழுப் பொய். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அவள் மறுபடியும் படித்தாள். மாமியாரின் அழுகை நின்றது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் சாகலன்னு போட்டிருக்குது. அப்போ அவரு இருக்காரா தம்பி?"

நான் கண்ணாடிகளை மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டேன். அதற்கு எந்தக் கண்ணாடியிலும் எழுத்து இல்லை.

மறுநாள் முதலாளியிடம் கேட்கவே இல்லை. இரண்டு கண்ணாடியையும் துடைத்துவிட்டு, ஒன்றில் மறுபடி கரி ஏற்றிக் கீறினேன்:

எதிரி சொல்வது பொய்
நம் படை அழியவில்லை

இரண்டு வரிக்கும் பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தது. முதலாளி அதைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார்.

அக்கா அன்றைக்கும் டிக்கெட் கிழிக்க வந்தார். விளக்கு அணைந்ததும் பெண்கள் பக்கம் போகாமல் என் பெட்டிக்கு அருகே வந்து நின்றார். அந்தக் கண்ணாடி விழுந்தது. கூடாரம் ஒரே மூச்சில் படித்து முடித்தது. படத்தில் காட்சி மாறி ஒரு கப்பல் வந்துவிட்டது. அடுத்ததைத் தள்ள வேண்டும்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க தம்பி" என்றார்.

படம் ஓட்டுகிற ஆபரேட்டர் மேலிருந்து கத்தினார். நான் சட்டத்தில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத நான், அந்த இரண்டு வரியும் துணியில் நின்ற வரைக்கும் அசையாமல் நின்றேன். கூடாரம் பிரிக்கிற வரை தினமும் அந்தக் கண்ணாடி விழும் நேரத்துக்கு அக்கா வந்துவிடுவார்.