அழித்த பிறகும் வந்த பில்

நாமக்கல்லில் இருபது லாரி வைத்திருக்கும் ஒருவருடைய ஆபீசுக்கு நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் சூரமங்கலத்தில் இருந்து பஸ் ஏறிப் போவேன். மற்ற ஆறு நாளும் அவர் போனிலேயே என் உயிரை எடுப்பார். டயர் விலை ஏறினால் ஒரு வார்த்தை பேசமாட்டார்; வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த லோடைப் பார்ப்பார். ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கக் கட்டும் கிளவுடு பில்லில் நூறு ரூபாய் கூடினால் மட்டும் வீட்டில் திருடன் புகுந்த மாதிரி கூப்பிடுவார்.

அவருடைய லாரிகளில் முன்பக்கம் பார்க்கும் கேமரா உண்டு. வண்டி ஷெட்டுக்கு வந்ததும் வழியில் எடுத்த வீடியோக்கள் கிளவுடில் நான் வைத்திருக்கும் பக்கெட் என்ற சேமிப்பு இடத்துக்கு ஏறிவிடும். ஆபீஸ் கணக்கின் பேக்கப்பும் தினமும் அங்கேதான் போகும். யாராவது கை தவறி அழித்துவிடுவார்கள் என்று பயந்து, முதல் நாளே அந்தப் பக்கெட்டில் வெர்ஷனிங்கைப் போட்டுவைத்தேன். அதைப் போட்டுவிட்டால் ஒரு ஃபைலை அழித்தாலும் அது போகாது. அதன் மேல் ‘அழித்தாயிற்று’ என்று ஓர் அடையாளம் விழும், அவ்வளவுதான். பட்டியலில் ஃபைல் தெரியாது. ஆனால் அடியில் முழுசாக இருக்கும். அந்த அடையாளத்தை நீக்கினால் ஃபைல் திரும்ப வந்துவிடும். அடியில் இருக்கிற வரைக்கும் அதற்கு வாடகையும் உண்டு.

இந்த ஐந்தாறு வரியை முதலாளிக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

போன வருஷம் அவருடைய லாரி ஒன்றில் பைக் மோதி, பைக்கில் வந்தவருக்குக் கால் உடைந்தது. எதிர்ப்பக்கமாக வந்து பைக்காரரே மோதினார் என்று டிரைவர் சொன்னார். டிரைவருக்கு ஊர் ஆட்டையாம்பட்டி. கேஸ் டிரைவர் மேல் விழுந்து லைசென்சும் போய்விட்டது. முதலாளி அந்த வண்டியை விற்றுவிட்டார். விற்ற வண்டியின் நம்பர் ஆபீசில் எங்கேயும் இருக்கக்கூடாது என்பது அவர் வழக்கம். சுவரில் ஒட்டிய படம், பீரோவில் இருந்த ஃபைல், சாவிக் கொத்து மாட்டும் ஆணி மேல் எழுதிய நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். அதே கையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பக்கெட்டில் அந்த நம்பருடைய ஃபோல்டரையும் அழித்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை.

அடுத்த மாதப் பில் குறையவில்லை. வழக்கம்போல் போன்.

“அழிச்சுப் போட்டனுங்க தம்பி. அழிச்சதுக்கும் வாடகை கேக்கறானே, இது என்னங்க நாயம்?”

அடையாளம், அடியில் இருக்கும் ஃபைல் என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, அப்படியானால் நான் அழித்தது எதற்கு என்றார்.

அந்த வாரம் நான் போயிருந்தபோது அந்த டிரைவர் ஆபீசுக்கு வந்தார். ஃபோல்டர் போய்விட்டதைக் கேள்விப்பட்டு முகம் வெளுத்திருந்தது. கேமரா கார்டில் பழையதன் மேல் புதியது எழுதியாகிவிட்டது. அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல அந்த வீடியோவைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நான் பெரிய மனுஷன் தோரணையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெர்ஷன்களைக் காட்டும் பொத்தானைத் தட்டினேன். அழிந்த ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும் அந்த அடையாளம். இவை எங்கேயும் போகாது, கோர்ட்டில் கேட்கும்போது சொல்லுங்கள், ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருகிறேன் என்றேன். அப்போதே அந்த ஒரு வீடியோவை இறக்கி அவர் போனில் போட்டுக் கொடுத்திருக்கலாம். பசி வேளை, ஆபீஸ் நெட் அன்று ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சாப்பிடப் போய்விட்டேன்.

பில் அடுத்த மாதமும் ஏறியது. அதற்கும் அடுத்த மாதம் இன்னும் ஏறியது. இந்த முறை முதலாளி வேறு மாதிரி பேசினார். கமிஷன் ஏதாவது வாங்குகிறாயா என்று நேராகக் கேட்கவில்லை, கேட்டது போலத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பில்லைப் பிரித்துப் பார்த்தேன். பணத்தைத் தின்றது வீடியோவே இல்லை. கணக்கு பேக்கப் தினமும் ஒரே பெயரில் ஏறிக்கொண்டிருந்தது. வெர்ஷனிங் இருப்பதால் புதியது பழையதை அழிக்கவில்லை. நேற்றையது, முந்தாநாளையது என்று ஒவ்வொரு நாளின் முழுப் பிரதியும் அடியில் குவிந்துகிடந்தது. போட்டவன் நான். பழையதைக் கழிக்க விதி எழுதாமல் விட்டவனும் நான். அவரை மண்டு என்று இத்தனை மாதம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் உட்கார்ந்து விதியை எழுதினேன்: நடப்பில் இல்லாமல் போன பழைய வெர்ஷன் எதுவானாலும், ஒரு நாள் கழித்து நிரந்தரமாக நீக்கிவிடு. பேக்கப் ஃபோல்டருக்கு மட்டும் என்று குறிப்பிட ஒரு கட்டம் இருந்தது. அதில் பத்து எழுத்து தட்டினால் போதும். அதை விட்டுவிட்டு, பக்கெட் முழுமைக்கும் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இப்படிச் செய்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று திரை எச்சரித்து, தெரிந்துதான் செய்கிறேன் என்று டிக் போடச் சொன்னது. போட்டேன். அந்த டிரைவர் என் நினைவில் வரவே இல்லை.

பில் மளமளவென்று இறங்கியது. முதலாளி போன் செய்து, “இப்பத்தானுங்க தம்பி நீங்க வேலையப் பாத்திருக்கீங்க” என்றார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பத்து நாள் கழித்து டிரைவர் கூப்பிட்டார். வக்கீல் வீடியோவைக் கேட்கிறார், எப்போது வரட்டும் என்றார். நாளைக்கே தருகிறேன் என்று சொல்லி, அவர் லைனில் இருக்கும்போதே பக்கெட்டைத் திறந்தேன். அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றின் அடியில் ஒன்றுமே இல்லை; அழித்த ஃபைலும் என் விதிக்குப் பழைய வெர்ஷன்தான். நம்பாமல் ஒரு அடையாளத்தை நீக்கிப் பார்த்தேன். திரும்பி வர ஃபைல் இல்லாததால் அந்த வரியும் சேர்ந்து மறைந்தது. நிரந்தரமாகப் போனதைக் கிளவுடுக்காரனாலும் எடுத்துத் தர முடியாது. ஃபைல் பெயரும் அழித்த தேதியும் இருக்கிறதே, அது உதவுமா என்று வக்கீலிடமே கேட்டேன். வீடியோ ஒன்று இருந்தது என்பதற்கு அது ஆகும், அதில் என்ன இருந்தது என்பதற்கு ஆகாது என்றார்.

டிரைவரிடம் அப்புறம் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி போனை வைத்திருந்தேன். ஆட்டையாம்பட்டிக்கு நேரில் போனேன். லைசென்ஸ் இல்லாததால் அவர் ஒரு சொந்தக்காரரின் தறிப்பட்டறையில் பாவு நூல் தூக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்தார். தப்பு முதலாளியுடையது இல்லை, என்னுடையது என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த ஒரு வண்டியின் வீடியோவுக்கு மட்டும் மாதம் எவ்வளவு ஆகிக்கொண்டிருந்தது என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போதே அதைக் கணக்குப் போட்டிருந்தேன். இருநூறு ரூபாய்ச் சில்லறை என்றேன்.

“என்ற கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கட்டியிருப்பனுங்களே, சார்.”