ரோஸ்லின் எழுதத் தயங்கிய தலைப்பு

புதுச்சேரி தவளக்குப்பம் கூட்டுரோட்டில் பாலாஜியின் கடை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். அப்பா காலத்து மளிகைக் கடையை நடுவில் தடுப்பு வைத்து இரண்டாக்கி, ஒரு பக்கம் பருப்பும் மறு பக்கம் ஜெராக்ஸும் வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் பக்கத்தில் ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவார்கள். போதாக்குறைக்கு அரசுத் திட்டங்களைப் பற்றித் தமிழில் விளக்கும் ஒரு வெப்சைட்டும் உண்டு. எந்தத் திட்டம், யாருக்குக் கிடைக்கும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று அதில் எழுதுவது ரோஸ்லின்.

ரோஸ்லினுக்கு ஊர் செலியமேடு. புருஷன் சூசைநாதன் பெயிண்டர். போன ஆடியில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் ரோஸ்லின் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. கல் மாதிரி இருக்கிறாளே என்று கோயிலுக்கு வந்த பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். துக்க வீட்டில் அடுத்தவள் எவ்வளவு அழுகிறாள் என்று அளந்து பார்க்க நம் ஜனத்துக்குச் சொல்லியா தர வேண்டும்? அவளுக்கு அதுகூட உறைக்கவில்லை. சோறு தின்றாள், தூங்கினாள், பஸ் ஏறி வேலைக்கு வந்தாள். எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பது போல இருந்தது.

மாசியில் பாலாஜி, "விதவை பென்ஷனுக்கு நம்ம சைட்ல பக்கமே இல்ல, ஒண்ணு எழுதிடும்மா" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. பருப்புப் பக்கம் போய்விட்டார்.

அவள் எழுதினாள். துறையில் கேட்டு, சரிபார்த்து, ஒழுங்காகத்தான் எழுதினாள். தலைப்புக்கு வரும்போது மட்டும் கை நின்றது. கீபோர்டில் 'வி' அடித்து அழித்தாள். கடைசியில் இப்படி வைத்தாள்: 'கணவரை இழந்த பெண்களுக்கான அரசின் மாதாந்திர உதவித்தொகைத் திட்டம்: தகுதி, தேவையான ஆவணங்கள், புதுச்சேரி'. படிக்க மரியாதையாக இருந்தது. அந்தச் சொல் எங்கும் இல்லை. அது போதும் என்று விட்டுவிட்டாள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் காசம்மாள் கடைக்கு வந்தாள். அவளும் செலியமேடு பக்கம்தான், நடவு, களை என்று கூலிக்குப் போகிறவள். ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தாள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, புருஷனின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில் இருந்தன.

"எல்லாத்தையும் எடுத்துக்கினு கடலூர் பக்கம் இ-சேவைக்குப் போனேம்மா. கூலிய வுட்டுட்டு ரெண்டு தடவ அலைஞ்சேன். ஆதாரப் பாத்துட்டு, நீ பாண்டிக்காரி, இங்க போட முடியாதுன்னுட்டான். அவனச் சொல்லி இன்னா பண்றது?"

"அங்க ஏன் போனீங்க?"

"போன்ல அப்டித்தான போட்டிருந்துது! எம் பொண்ணு யாமினி பாத்துச் சொன்னா."

செலியமேடு இருக்கும் பாகூர் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கிற வில்லங்கம்தான் இது. ஒரு வயல் பாண்டி, வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. பேச்சு ஒன்று, சினிமா ஒன்று. உதவித்தொகை மட்டும் வேறு வேறு. அங்கே வருவாய்த் துறை, தாசில்தார் பார்ப்பார்கள். இங்கே அது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் வேலை. போனுக்கு வரப்பு தெரியாது.

"யாமினி இன்னான்னு தேடுச்சு?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"இன்னான்னு தேடுவா? விதவ பென்ஷன் இன்னா டாக்குமென்ட்டுன்னுதான்."

ரோஸ்லின் தன் போனில் அதையே தேடினாள். மேலே வந்த பக்கங்கள் எல்லாம் தமிழ்நாட்டுத் திட்டத்தைச் சொல்லின. அவற்றில் ஒன்றின் தலைப்பில் எந்த ஊர் என்றே இல்லை. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். ரொம்பக் கீழே அவள் பக்கம் கிடந்தது. 'கணவரை இழந்த பெண்களுக்கான அரசின் மாதாந்திர' என்று ஒரு வரி, பிறகு மூன்று புள்ளி. தகுதி, ஆவணம், புதுச்சேரி என்று ஒரு மனுஷிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் போய்விட்டன. அத்தனை நீளத் தலைப்பைப் போன் காட்டாது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்கு அந்த ஒரு சொல்லிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

காசம்மாள் காகிதங்களைத் திரும்பப் பைக்குள் அடுக்கிக்கொண்டே கேட்டாள். "உன் வூட்டுக்காரரு இன்னாம்மா வேல?"

"இல்ல."

"இல்லன்னா?"

"செத்துட்டாரு." இத்தனை நாளில் அவள் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"அய்ய... அப்ப நீ பென்ஷனுக்கு எழுதிப் போட்டியா?"

ரோஸ்லின் மேசையில் மிச்சமிருந்த போட்டோவை எடுத்து அவள் பையில் போட்டாள். துறையில் இன்னொரு தடவை கேட்டுச் சரியான பட்டியலை எடுத்துத் தருகிறேன், நாலு நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பினாள். குடியிருப்புச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இந்தப் பக்கத்துத் தாலுகா ஆபீசில் வாங்க வேண்டும் என்பதை மட்டும் அப்போதே சொல்லிவிட்டாள்.

அப்புறம் பக்கத்தைத் திறந்து தலைப்பை அழித்தாள். 'விதவை பென்ஷன் புதுச்சேரி: தகுதி, ஆவணங்கள்' என்று அடித்தாள். முதல் எழுத்தை அடித்ததும் பழையபடி அழிக்கப் போனாள். ஆனாலும் அடித்தாள்.

பாலாஜி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, புதுச்சேரின்னு முன்னாலேயே போட்டுட்ட? தமிழ்நாட்டுக்காரன் எவன் தொடுவான்? வியூஸ் போயிடும்."

"தொடக் கூடாது சார். அவங்களுக்கும் அலைச்சல்தான்."

"மத்த பக்கத்துல கை வைக்காத" என்று முணுமுணுத்துவிட்டுப் பாலாஜி ஒரு கிலோ உளுந்து நிறுக்கப் போனார்.

மாற்றினால் உடனே வந்துவிடாது, தேடுகிற இடத்தில் அது தெரிய சில நாள் பிடிக்கும். தினமும் அவள் தேடிப் பார்த்தாள். காசம்மாள் திரும்பி வந்த அன்று, பழைய தலைப்பு போய்ப் புதியது முழுதாகத் தெரிந்தது, நன்றாக மேலேயும் ஏறியிருந்தது. காசம்மாளுக்காகப் பட்டியலைப் பிரிண்ட் கொடுத்தாள். இரண்டு தாள் வந்தது.

"ஒண்ணு வேஸ்ட்டா?" என்று பாலாஜி கேட்டார்.

"இல்ல சார், எனக்கு."

"உனக்கு வருமா? சம்பளம் வாங்குறியே."

"தெரியல சார். தகுதி இருக்கான்னு அவங்க பாக்கட்டும்."

மறுநாள் காலை பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். ஊரில் பாதிப் பேரின் சான்றிதழ்களை அந்த மிஷினில் அவள் கையால் வைத்திருக்கிறாள். இது மட்டும் அதன் மேல் ஏறியதில்லை. கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து மூடினாள். வெளிச்சம் ஒரு தடவை போய்வந்தது. சூடாக வந்த தாளில் சூசைநாதன் பெயர் இருந்தது, கணவர் என்ற இடத்தில் அல்ல, இறந்தவர் என்ற இடத்தில்.

"வா, தாலுகா ஆபீசுக்கு ரெண்டு பேருமா போயிடலாம்" என்று, சான்றிதழ் வாங்கக் கிளம்பி வந்திருந்த காசம்மாள் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

ரோஸ்லின் வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.