தேனீக்கு வேண்டாத பூ

என் கணவரைத் தேனீ கொட்டினால் மூச்சு அடைத்துவிடும். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு தேனீ கழுத்தில் கொட்டியது. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிவிட்டது. எப்படியோ பிழைத்தார். அன்றிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்து எப்போதும் வீட்டில் இருக்கும். தொடையில் போடுவதற்கு நர்ஸிடம் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த ஜீப்பில் கேட்ட மூச்சுச் சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை.

ரிட்டயராகிக் குன்னூரில் மாடி வீட்டுக்கு வந்ததும் அந்த மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். பால்கனியில் சுக்கினி வளர்க்க வேண்டுமாம், வெள்ளரி மாதிரி இருக்குமே, அந்த இங்கிலீஷ் காய்.

"பீன்ஸ் போடுங்க. அது தேனீ வராமயே காய்க்கும்" என்றேன்.

"பீன்ஸ்தான் மார்க்கெட்ல மலையாட்டம் கெடக்குதே புள்ள" என்றார். விதை அதற்குள் தொட்டியில் இருந்தது.

சுக்கினியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தை யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் காய். பூச்சிகளை இழுக்கப் பக்கத்தில் தேன் பூ வைக்க வேண்டும் என்றார். பூ வாங்கும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"வண்ணத்துப்பூச்சி வரோணும், தேனீ வரக்கூடாது. அப்படிப் பூ இருக்குதுங்களா?" என்று நர்சரிக்கார அம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"பூவுக்குக் காவல்காரனா வெக்க முடியும்? நீளக் குழல் பூன்னா தேனீக்கு நாக்கு எட்டறது கஷ்டமுங்க. அடுக்குச் செவ்வந்தியில தேனு எடுக்க வழியே இருக்காது. ஆனாக் காய்க்கு அது ஒதவாதுங்க."

நான் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. குழல் பூவும் அடுக்குச் செவ்வந்தியும் வாங்கி, பால்கனியை மலர்க்காட்சி மாதிரி ஆக்கினேன். வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, குழல் பூவில் உறிஞ்சின, சுக்கினிப் பூவைத் திரும்பியும் பார்க்காமல் போயின. பெண் பூவின் அடியில் இருந்த விரல் நீளப் பிஞ்சுகள் நுனி மஞ்சளித்து, அழுகி விழுந்தன. எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

அவர் விடவில்லை. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவ ஆரம்பித்தார். தேனீயே வேண்டாம், கையாலேயே முடித்துவிடலாம் என்றார். இது நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது.

சுக்கினிப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கி மூடிக்கொள்ளும். ஒருநாள் எழத் தாமதமாகி, வெயில் ஏறிய பிறகு போனார். பாதி மூடியிருந்த ஆண் பூவைப் பிரித்தார். உள்ளே தேனீ இருந்தது.

அது அவர் கட்டைவிரலில் ஏறியது. உடம்பெல்லாம் மகரந்தம். "அசையாதீங்க" என்று சொன்னது நானா என்று எனக்கே தெரியவில்லை. மருந்தை எடுக்க உள்ளே ஓடினேன். சிரிஞ்சு உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில், கையை நீட்டியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். தேனீ நிதானமாகக் காலைத் துடைத்தது, பறந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"எல்லாத்தையும் புடுங்கிப் போடறேன்" என்றேன். அவர் உள்ளே போனார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். மறுநாளும் அப்படியே படுத்துக் கிடந்தார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தேனீ பூவில் வேலையாக இருக்கும்போது யாரையும் தேடி வந்து கொட்டுவதில்லை, நசுக்கினால்தான் கொட்டும். கை பூவுக்குள் போவதுதான் ஆபத்து. அப்படியானால் கை போக வேண்டாம், அந்த வேலையைத் தேனீயே செய்யட்டும். 

நர்சரியில் இந்த முறை தேனீக்குப் பிடித்த லாவண்டர், நீல சால்வியா, ஒற்றை இதழ் காஸ்மாஸ் வாங்கினேன். கொத்தமல்லியையும் கிள்ளாமல் பூக்க விட்டேன். எல்லாவற்றையும் சுக்கினியோடு பால்கனியின் கடைசி மூலையில் நெருக்கி வைத்தேன். ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. பகலில் அவருக்குக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இடம். இருட்டிய பிறகு வந்து தண்ணீர் ஊற்றலாம்.

லாவண்டரில் முதல் ரீங்காரம் கேட்ட காலையில் நான் வெளியே பால்கனியில் நின்றேன். கதவை இழுத்து மூடினேன், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவர் கண்ணாடியைத் தட்டினார். "போகுதா புள்ள? பொட்டப் பூவுக்குள்ள போகுதா?"

ஒரு தேனீ சால்வியாவை விட்டு எழுந்து, சுக்கினி ஆண் பூவுக்குள் புகுந்து, மஞ்சளாக வெளியே வந்தது. பெண் பூவின் விளிம்பில் உட்கார்ந்து தயங்கியது.

சேலை முந்தானைக்குள் என் ஒரு கை மருந்துப் பெட்டியை இறுக்கிக்கொண்டிருந்தது. நான் அந்தத் தேனீயிடம் கெஞ்சினேன்: "போ கண்ணு, உள்ள போ."