மேனேஜருக்கு ஒரு வீரக் கடிதம்

கடிதம் ஒன்று எழுதினால் வங்கியே நடுங்கும் என்று நம்பிய மடையன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடு பேசி முன்பணமும் கொடுத்திருந்தேன். ராஜபாளையத்து வங்கியில் வீட்டுக் கடனுக்கு ஆவணங்களைக் கொடுத்து வாரங்கள் ஓடிவிட்டன, அனுமதி வரவில்லை. மாதக் கடைசிக்குள் கிரயம் முடியாவிட்டால் முன்பணம் போய்விடும். ‘தங்கள் மௌனம் என் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துகிறது’ என்று எழுதி, மனைவியோடு போய் மேனேஜர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் நிதானமாகப் படித்துவிட்டு ஃபைலைப் புரட்டினார்.

“வக்கீல் ஒப்பீனியன் வந்துட்டு சார். வீட்டுக்கு மதிப்புப் போடுற இன்ஜினியர் ரிப்போர்ட்தான் வரல. அவர் பல தடவ கூப்பிட்டாராமே, நீங்க என்ன சொன்னீங்க?”

அப்போதுதான் உறைத்தது; அசடு வழிய உண்மையைச் சொன்னேன். புது எண்ணிலிருந்து யாரோ, “சார், ஹோம் லோன் விஷயமா...” என்று தொடங்கும்போதெல்லாம், “ஏலே, லோனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், போனை வையி!” என்று கத்தி, கடைசியில் அந்த எண்ணை பிளாக்கும் செய்திருந்தேன்.

“அம்புட்டு வீரத்தையும் நம்ம வீட்டு மேலயா காட்டுனீக?” என்றாள் மனைவி.

அங்கேயே பிளாக்கை எடுத்துவிட்டு இன்ஜினியரை அழைத்தேன். “அண்ணாச்சி, நாளைக்கு வீட்டப் பாக்க வாரீகளா?” என்று குழைந்தேன்.

“லோன் வேணும்னு எழுதிக் குடுங்க, வாரேன்.”